டிரான்ஸ்பார்மர் போன ராத்திரி

2012 ஐப்பசி மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் கடிகாரம் பார்த்து யாரும் வாழவில்லை. கரண்ட் பார்த்துத்தான் வாழ்ந்தார்கள். ஒரு மணி நேரம் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. சில நாள் அந்தக் கணக்கும் பொய்த்துப்போய், பகலும் இரவுமாகச் சேர்த்தால் பதினாலு மணி நேரம் இருட்டு என்று ஆகிவிடும். சென்னையில் இரண்டு மணி நேரம்தான் போகிறதாம் என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். ஆடிக் காற்று அடிக்கிற வரைக்கும் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. குமுளிக் கணவாய் வழியாக வருகிற காற்று புரட்டாசியோடு அடங்கியதும் அவையும் நின்றன. காற்று நின்றால் கரண்ட் நிற்கும் என்பது அந்த வருஷம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்தது.

கூடலூருக்குப் பக்கத்தில் கருப்பையாவுக்கும் ஈஸ்வரிக்கும் ஒன்றேகால் ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம். கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்துப் போட்ட பந்தல். தோட்டத்துக்குள் ஒரு போர். கல்யாணமாகி இருபத்திநாலு வருஷம். ஒரே மகன், மதுரையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தான்.

இருவருக்கும் சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. சத்தம் போட்டுப் பேசி அக்கம்பக்கத்தார் கேட்டதில்லை. ஆனால் பேசிக்கொண்டும் கேட்டதில்லை. “சாப்பிடுறீங்களா?” “வையி.” “பையன் போன் பண்ணான்.” “ம்.” ஒரு நாளைக்கு இவ்வளவுதான். மற்றதையெல்லாம் டிவி பேசிவிடும். ஏழரை மணி சீரியலை அவள் பார்ப்பாள், அவர் தட்டில் குனிந்தபடி கேட்பார். சீரியல் பாதியில் கரண்ட் போனால் அவள் அடுப்படிக்குப் போவாள், அவர் திண்ணைக்குப் போவார். திரும்ப வரும்போது இருவரும் உள்ளே வருவார்கள்.

ராத்திரியில் இன்னும் மோசம். மோட்டார் ஓட்டுகிற மும்முனைக் கரண்ட் பெரும்பாலும் நடுச்சாமத்தில்தான் வந்தது. பன்னிரண்டோ, இரண்டோ, எப்போது வரும் என்று தெரியாது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டு வீட்டில் தூங்கினார்கள். கரண்ட் வந்ததும் அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுக்கும். வோல்டேஜ் படுத்துவிடும். அப்படித்தான் ஆவணியில் கருப்பையாவின் மோட்டாருக்குக் காயில் எரிந்தது. மோட்டாரை மேலே தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்க ஒன்பது நாள். காய் பருக்கிற நேரத்தில் ஒன்பது நாள் தண்ணீர் இல்லை. அதற்குப் பிறகு அவர் ஸ்டார்ட்டரை நம்பவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு ராத்திரி ராத்திரி தோட்டத்துக்குப் போய், மற்றவர்கள் மோட்டார் ஓடத் தொடங்கி வோல்டேஜ் நிலைக்கு வந்த பிறகு தன் மோட்டாரைப் போடுவார். விடிந்து வந்து படுப்பார். அவள் அப்போது பால் கறக்க எழுந்திருப்பாள். ஒரே வீட்டில் இரண்டு ஷிப்டு.

தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது. திங்கள்கிழமை சாயங்காலம் மேற்கு மலையில் இருட்டிக்கொண்டு வந்தது. ஆறரை மணிக்கு ஒரு இடி. தெருக்கோடியில் இருந்த டிரான்ஸ்பார்மரில் பச்சையாக ஒரு வெளிச்சம் எழுந்து அணைந்தது. மழை விட்டதும் லைன்மேன் சைக்கிளில் வந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“பீஸ் இல்லண்ணே, டிரான்ஸ்பார்மரே போயிருச்சு. வேற ஒண்ணு கொண்டாந்து ஏத்தணும். ரெண்டு நாள் ஆகும்.”

தெருவில் ஆளுக்கொரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்கள். மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் மின்நிலையத்துப் பக்கம் மட்டும் வரிசையாக விளக்கு தெரிந்தது. முல்லைப் பெரியாறு தண்ணீர் மலையிலிருந்து குழாய் வழியாக இறங்கி, அங்கே கரண்ட் கொடுத்துவிட்டுத்தான் இந்தப் பள்ளத்தாக்கின் வயலுக்கு வருகிறது. கருப்பையா அந்த விளக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்குத் தோட்டத்துக்குப் போகிற வேலை இல்லை. மழையும் பெய்துவிட்டது, கரண்டும் வராது.

உள்ளே ஈஸ்வரி மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தாள். இருந்த ஒரு துண்டும் நேற்றே தீர்ந்துவிட்டது. செல்போனில் சார்ஜ் ஒரு கோடு. மகன் கூப்பிடுவான் என்று அதை அணைத்து வைத்தாள். பரணில் இருந்த அரிக்கேன் விளக்கை எடுத்தாள். கண்ணாடி முழுக்கப் புகை. பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே விட்டுத் துடைக்கத் தொடங்கினாள்.

டார்ச் பேட்டரியும் மங்கிக்கொண்டிருந்தது. புது பேட்டரி பீரோவில் வைத்த ஞாபகம் கருப்பையாவுக்கு. சாமி படத்துக்கு மேலே ஆணியில் தொங்கிய சாவியைத் தடவி எடுத்தார். இருட்டில் சாவித் துவாரத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“பீரோவுல என்ன இருக்குன்னு தேடுறீங்க? அதுல ஒண்ணும் இல்ல.”

அவர் கை நின்றது. அவளும் அப்படிச் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. பேட்டரியைப் பற்றித்தான் சொல்ல வந்தாள். வாயிலிருந்து வந்தது வேறாக இருந்தது. பேப்பர் தேய்க்கிற சத்தம் நின்றுபோனது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். “என்னைக்குத் தெரியும்?”

“சித்திரையில. வீரபாண்டித் திருவிழாவுக்கு வளையலப் போடலாம்னு பொட்டியத் திறந்தேன்.”

ஆறு மாதம். அந்தத் திருவிழாவுக்கு அவள் கவரிங் வளையல் போட்டுக்கொண்டு வந்தது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. கூட்டத்தில் தங்கம் போட்டு வர வேண்டாம் என்று பயந்திருக்கிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டார். நிம்மதியாகவும் இருந்தது.

“கேட்டிருக்கலாமே.”

“நீங்க சொல்லியிருக்கலாமே.”

விளக்கு இன்னும் ஏற்றப்படவில்லை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவர் எழுந்து திண்ணைக்குப் போயிருப்பார். இருபத்திநாலு வருஷமாக அப்படித்தான் செய்திருக்கிறார். இன்றைக்குத் திண்ணையும் நனைந்து கிடந்தது. பீரோவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

“போன மார்கழி ஞாபகம் இருக்கா?” என்றார்.

அவளுக்கு இல்லாமலா? 2011 டிசம்பர். முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்துக் குமுளி ரோட்டை அடைத்துவிட்டார்கள். ஊர் ஊராக ஆயிரக்கணக்கில் ஜனங்கள் எல்லையை நோக்கி நடந்தார்கள். கேரளா லாரி ஒன்றும் இறங்கவில்லை. இங்கிருந்து காய்கறியோ வாழையோ பழமோ ஒன்றும் மேலே ஏறவில்லை. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வந்த பெண்களுக்கு வேலை போயிற்று. அவர்கள் தோட்டத்தில் அப்போது பழம் அறுப்புக்கு நின்றது. வழக்கமாக எடுக்கிற வியாபாரி வரவில்லை. பன்னீர் திராட்சை காத்திருக்கிற பழம் இல்லை. தோல் மெல்லிசு. கொடியில் அதிக நாள் விட்டால் வெடிக்கும், உதிரும். கடைசியில் உள்ளூர் ஆள் ஒருவருக்குக் கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள். அதிலும் பாதி கடன்.

“அந்தப் பாக்கி தையில வந்துச்சுன்னு சொன்னீங்களே?”

“வரல. இன்னைக்கு வரைக்கும் வரல.”

அவள் பேசவில்லை. அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். அறுப்பு முடிந்த கொடியைச் சும்மா விட முடியாது. தையில் கவாத்து பண்ண வேண்டும். கவாத்துக் கூலி, குப்பை, உரம், துளிர் வந்ததிலிருந்து மருந்து. கவாத்து வெட்டினால் பழம் அறுக்க நூத்தி இருபது நாள். அதுவரை கையை விட்டுத்தான் போகும். உரக்கடையில் பழைய பாக்கி அப்படியே நின்றது. மகனுக்குப் பீஸ் கட்டக் கடைசித் தேதி வேறு. ஜனவரி 20-ம் தேதி பெட்டியில் இருந்த நாலு வளையலையும் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு போய், கம்பத்தில் ஒரு அடகுக் கடையில் வைத்தார். ஏழு பவுன். எண்பதாயிரம் வாங்கினார். அதைத்தான் வியாபாரி கொடுத்த பாக்கி என்று வீட்டில் சொன்னார்.

“சித்திரை அறுப்புல மீட்டுரலாம்னு நினைச்சேன். அந்தப் பணம் உரக்கடைக்கே போச்சு. அடுத்து புரட்டாசி அறுப்புன்னு இருந்தேன். காயில் எரிஞ்சு காய் சின்னதாப் போச்சு, வெலை விழுந்துருச்சு. உனக்குத் தெரியுறதுக்கு முந்தி வெச்சிரணும்னு பார்த்தேன்.”

ஈஸ்வரி தீக்குச்சி கிழித்தாள். விளக்குத் திரி முதலில் புகைந்து, பிறகு நின்று எரிந்தது. கண்ணாடியைக் கவிழ்த்துத் திரியைக் குறைத்தாள். விளக்கைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளாமல் நடுவில் வைத்தாள்.

“நான் என்ன நினைச்சேன் தெரியுமா?” என்றாள். “உத்தமபாளையத்துக்குக் கொடுத்துட்டீங்கன்னு நினைச்சேன்.”

உத்தமபாளையத்தில் அவருடைய தங்கச்சி இருந்தாள். போன தையில்தான் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் சீர் செய்தார்கள். அது ஊருக்குத் தெரிந்து செய்தது. அதற்கு மேல் ரகசியமாகத் தன் வளையலும் போயிருக்கிறது என்று ஈஸ்வரி நினைத்துவிட்டாள். மாதமும் சரியாகப் பொருந்தியது. அந்தக் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டியபோது, பெண் கையில் இருந்த வளையலை ஒவ்வொரு படத்திலும் உற்றுப் பார்த்தாள். ஒரு படத்தில் தன் வளையல் மாதிரியே இருந்தது. ஆவணியில் அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு என்று சொல்லி விட்டார்கள். காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டாள்.

“காய்ச்சல் இல்லையா?”

“காய்ச்சலும் இல்ல, தலைவலியும் இல்ல.”

கருப்பையாவுக்கு முதலில் கோபம் வந்தது. தங்கச்சி அன்றைக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். “எங்கண்ணி வரலையா?” என்று மூன்று தடவை கேட்டாள். ஆனால் கோபப்படுகிற இடத்தில் தான் இல்லை என்பதும் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அவகிட்ட ஒத்தப் பைசா கொடுக்கல. அவ கேக்கவும் இல்ல.”

“இப்பத் தெரியுது.”

வெளியே தவளைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. டிவியும் மிக்ஸியும் ஃபேனும் இல்லாத தெருவில் யார் வீட்டில் யார் இருமினாலும் கேட்டது. அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

“எத்தனை வட்டி?” என்று கேட்டாள்.

“ரெண்டு.”

நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். அவள் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தாள். பின்பக்கம் வெள்ளை. மகன் விட்டுப்போன பேனாவை எடுத்தாள். எண்பதாயிரத்துக்கு மாதம் 1,600. பத்து மாதத்துக்கு 16,000. அசலோடு 96,000. எழுதி அவர் பக்கம் திருப்பினாள். அந்தக் கணக்கை அவர் மனசுக்குள் தினமும் போட்டதுதான். எழுத்தில் பார்த்ததில்லை.

“பத்து மாசம் இன்னும் ஆகலையே?”

“இருபதாம் தேதி வந்தாத்தான் பத்து முடியும். ஆனா ஒருநாள் தாண்டினாலும் அடுத்த மாச வட்டியும் சேர்த்துத்தான் எடுப்பான். சீட்டுல ஒரு வருஷம் ஏழு நாள் கெடு போட்டிருக்கு. அதுக்குள்ள திருப்பலைன்னா ஏலம்.”

ஏலம் என்ற வார்த்தைக்கு அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வளையல் அவள் அப்பா செய்துபோட்டது. தோட்டமும் அவர் கொடுத்ததுதான். சீதனமாக அவள் பேருக்கே எழுதியிருந்தார். பட்டா இன்னும் அவள் பேரில்தான் இருந்தது.

“பேங்க்குல விவசாய நகைக்கடன் கொடுக்குறாங்களே. அங்க வெச்சிருக்கலாமே? எங்க குழுவுல நாலு பேரு வெச்சிருக்காங்க. சிட்டா, அடங்கல் வாங்கிட்டுப் போனா வருஷத்துக்கு ஏழு பர்சென்ட். கெடுவுக்குள்ள கட்டிட்டா நாலுதான்.”

கருப்பையா விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிட்டா யாரு பேருல இருக்கு?” என்றார்.

அவளுக்குப் புரிந்தது. அவள் பேரில் நிலம் இருந்தால் அவள்தான் பேங்க்குக்கு வர வேண்டும், அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவளைக் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்க முடியாமல்தான் அவர் அடகுக் கடைக்குப் போயிருக்கிறார். பேனாவால் தாளில் இன்னொரு கோடு போட்டாள். அடகுக் கடையில் ஒரு வருஷ வட்டி 19,200. பேங்க்கில் ஏழு பர்சென்ட்டுக்கு 5,600. கெடுவுக்குள் கட்டினால் 3,200. இரண்டுக்கும் நடுவில் 16,000.

“ஒரு கையெழுத்து பதினாறாயிரம் ரூவா” என்றாள்.

குத்திக்காட்டுகிற மாதிரி அவள் சொல்லவில்லை. கணக்குச் சொல்லுகிற மாதிரித்தான் சொன்னாள். அதனால்தான் அவருக்குத் தாங்கவில்லை. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“கேட்டா நீ என்ன சொல்லியிருப்ப?”

“திட்டியிருப்பேன். ரெண்டு நாள் சாப்பாடு வைக்காம இருந்திருப்பேன். அப்புறம் வந்து கையெழுத்துப் போட்டிருப்பேன். வேற என்ன செய்வேன்? தோட்டம் காய்ஞ்சா எனக்கு மட்டும் சோறு எங்கிருந்து வரும்?”

விளக்கில் ஒரு பூச்சி விழுந்து சுற்றியது. அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். போய்விட்டாள் என்று அவர் நினைத்தார். ஆனால் அரிசிப் பானை நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை அவர் முன்னால் வைத்தாள். உள்ளே சுருட்டிய நோட்டுகள்.

“பதினெட்டாயிரம் இருக்கு. வைகாசியிலிருந்து பால் காசு. மாசம் மூவாயிரம்.”

“வீட்டுச் செலவுக்குப் பத்தலைன்னு சொன்னியே?”

“சொன்னேன்.”

இவர் இன்னும் என்னவெல்லாம் எடுப்பாரோ, கடைசியில் தன் கையில் ஒன்றும் இல்லாமல் போகுமோ என்று பயந்துதான் ஒதுக்கினாள். அதையும் சொன்னாள். ரேஷன் சர்க்கரையைக் குறைத்தது, தனக்கு மூட்டு வலிக்கு வாங்கச் சொன்ன மாத்திரையை மூன்று மாதமாக வாங்காமல் விட்டது எல்லாம் வந்தது. அவர் பாட்டிலைத் தொடவில்லை.

“மாத்திரை வாங்காம இருந்தியா?”

“வாங்கிக்கலாம் விடுங்க. இப்ப இதப் பாருங்க.”

அவள் மறுபடி தாளை இழுத்தாள். மீட்க 96,000 வேண்டும். கையில் 18,000 இருக்கிறது. இன்னும் 78,000. அதே நகையை அதே நாளில் பேங்க்கில் வைத்தால் 80,000 கொடுப்பார்கள். ஆகவே அந்த 78,000 யாராவது ஒருவர் காலையில் கொடுத்தால் போதும், சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிடலாம். வட்டிக்கு வாங்க வேண்டிய பணமே இல்லை, அரைநாள் கைமாற்று. நகை வீட்டுக்கு வராது, கடன் தீராது. ஆனால் மாதம் 1,600 என்று ஓடுகிறது நிற்கும். மார்கழியில் இப்போது பந்தலில் நிற்கிற பழத்தை அறுத்தால் அசலில் பாதியாவது கட்டலாம். மீதி அடுத்த அறுப்பில். ஒரு வருஷக் கெடுவுக்குள் இரண்டு அறுப்பு வரும்.

“எவன் கொடுப்பான் எழுபத்தெட்டாயிரம்?” என்றார்.

“எங்கண்ணன் கொடுக்கும்.”

சின்னமனூரில் அவள் அண்ணன் வாழைக்காய் வியாபாரம் செய்தார். கையில் எப்போதும் பணம் புழங்கும். கருப்பையாவுக்கு உடம்பு இறுகியது.

“மச்சான்கிட்ட என்னன்னு சொல்லுவ?”

“நகை அடகுல இருக்கு, மாத்தி வைக்கணும்னு சொல்லுவேன்.”

“நான் உனக்குத் தெரியாம வெச்சதையும் சொல்லுவியா?”

ஈஸ்வரி கொஞ்சம் யோசித்தாள். “அத எதுக்குச் சொல்லணும்? நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் வெச்சோம்னு சொல்லுறேன். மார்கழியில யாரு வீட்டுல நகை இருந்துச்சு? அவருக்குத் தெரியாதா?”

பிறகுதான் சாப்பிட்டார்கள். சோறு ஆறிப்போயிருந்தது. பருப்புக் குழம்பும், பகலில் வறுத்த கத்திரிக்காயும். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். டிவி இருந்தால் இரண்டு பேரும் அதைப் பார்த்துப் பக்கவாட்டில்தான் உட்காருவார்கள். பேச்சு நகையை விட்டுத் தோட்டத்துக்கு வந்தது. இந்த மழை நல்லதா கெட்டதா என்று அவள் கேட்டாள். காய் இன்னும் பச்சையாக இருப்பதால் வெடிக்காது, ஆனால் இலையில் ஈரம் நின்றால் அடிச்சாம்பல் வரும் என்று அவர் சொன்னார். இலைக்கு மேலே எண்ணெய் பட்ட மாதிரி மஞ்சள் புள்ளி வரும், திருப்பிப் பார்த்தால் வெள்ளையாகப் பூத்திருக்கும். காலையில் முதல் வேலையாகப் பந்தலுக்குக் கீழே குனிந்து இலை இலையாகப் பார்க்க வேண்டும். இருபத்திநாலு வருஷமாகத் தோட்டம் தன் பேரில் இருந்தும் அந்தப் புள்ளியை அவள் இதுவரை பார்த்ததில்லை.

“நானும் வாரேன்” என்றாள். “ரெண்டு பேரு பார்த்தா சீக்கிரம் முடியும்.”

மறுநாள் காலையில் பந்தலின் கிழக்கு ஓரத்தில், தண்ணீர் தேங்கிய இடத்தில், நாலைந்து கொடியில் புள்ளி இருந்தது. முதலில் கண்டுபிடித்தது அவள்தான். அன்றைக்கே மருந்தடித்தார்கள். மதியம் இரண்டு பேரும் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போய்ச் சிட்டாவுக்கும் அடங்கலுக்கும் சொல்லிவிட்டு வந்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் புது டிரான்ஸ்பார்மரை லாரியில் கொண்டுவந்து ஏற்றினார்கள். தெருவே கை தட்டியது. ஒரு மணி நேரம் கழித்து வழக்கம்போல் கரண்ட் போனது.

வியாழக்கிழமை சின்னமனூரிலிருந்து அண்ணன் பைக்கில் வந்தார். பணத்தைத் தங்கச்சி கையில் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கருப்பையாவைப் பார்த்து, “மாப்ள, மோட்டாருக்கு வோல்டேஜ் எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டார். அடகுக் கடையில் நகையை எடைபோட்டு வாங்கும்போது ஈஸ்வரி நாலு வளையலையும் ஒரு தடவை கையில் போட்டுப் பார்த்தாள். ஒன்று கொஞ்சம் நெளிந்திருந்தது. கழற்றித் துணியில் முடிந்துகொண்டாள். பேங்க்கில் அப்ரைசர் உரசிப் பார்த்து, எடை எழுதி, கவரில் போட்டு ஒட்டினார். மூன்று இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். மதியம் மூன்று மணிக்கு அண்ணன் பணம் அண்ணனிடம் போயிற்று. கையில் மிஞ்சியது இரண்டாயிரம். அதில் முதலில் மருந்துக் கடைக்குப் போனார்கள்.

தீபாவளிக்கு மறுநாள் உத்தமபாளையத்துக்குப் போனார்கள். தங்கச்சி மகளுக்குக் குழந்தை பிறந்து ஐந்து நாள். ஈஸ்வரி குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பெண்ணின் கையில் வளையல் இருந்தது. பக்கத்தில் பார்த்தால் தன் வளையல் மாதிரியே இல்லை. கல்பதித்த வேறு டிசைன். நாத்தனார் காபியைக் கையில் கொடுத்துவிட்டு நின்றாள்.

“ஏன் அண்ணி, இத்தனை மாசமா இந்தப் பக்கமே காணோம்?”

ஈஸ்வரிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கருப்பையா வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

“எங்க ஊருல கரண்ட் இல்லைல்ல.”

நாத்தனார் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். ஈஸ்வரி குழந்தையின் தலையில் குனிந்துகொண்டாள். வளைகாப்புக்கு வராததை அவள் இன்னொரு நாள் தனியாக நாத்தனாரிடம் சொல்ல வேண்டும். அது கணக்குப் போட்டுத் தீர்க்கிற கடன் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இருந்தது. அவள் டிவியைப் போடவில்லை. பீரோவைத் திறந்து நகைப் பெட்டியை எடுத்தாள். பேங்க் ரசீதை நாலாக மடித்து உள்ளே வைத்தாள். பெட்டியில் இப்போதும் வளையல் இல்லை. அவள் கையெழுத்துப் போட்ட ரசீது இருந்தது. பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள்.